தண்டலில் வாங்குற 50,000-க்கு நிஜ வட்டி எவ்வளவு? பேங்க் லோனோடு ஒரு கணக்கு!

கோயம்புத்தூர் உக்கடம் மார்க்கெட்டோ, திருப்பூர் பனியன் கம்பெனி வாசலில் இருக்கிற டீக்கடையோ, சோமனூர் பக்கத்து பவர்லூம் குடோனோ... எங்கே போனாலும் ஒரு டி.வி.எஸ் எக்ஸெல் வந்து நிற்கும். ஹேண்டில்பாரில் ரெக்ஸின் பை, கையில் சின்னதாக ஒரு அட்டை. கடைக்காரர் கல்லாவிலிருந்து 500 ரூபாயை எடுத்து நீட்டுவார், வந்தவர் அட்டையில் டிக் அடித்துவிட்டுக் கிளம்புவார். அரை நிமிஷம்தான். கொங்கு பக்கம் இதற்கு தண்டல், தின வசூல், ஃபைனான்ஸ் என்று பல பெயர்கள்.

"அம்பதுக்கு ஏழரை புடிச்சுக்குவேன் தம்பி, தெனம் ஐநூறு, நூறே நாள். பதினஞ்சு பர்சன்ட்தான்" என்பார் கொடுப்பவர். கேட்டதும் நமக்கும் அப்படித்தான் தோன்றும். பேங்கில் பெர்சனல் லோனுக்கே 14 சதவிகிதம் சொல்கிறான், இதற்கு 15. ஒரு சதவிகிதம்தானே வித்தியாசம், அதுவும் கையெழுத்துப் போட்ட மறு நிமிஷம் பணம் கையில். அப்புறம் எதற்கு பேங்க் படி ஏறணும்?

இந்தக் கேள்வியை சிரித்து ஒதுக்கிவிட முடியாது. ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் மாசச் சம்பளக்காரர்கள். அதனால் பேங்க், தண்டல் இரண்டையும் ஒரே தராசில் வைத்து, பேங்க் பக்கத்து மறைமுகச் செலவுகளையும் சேர்த்தே பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு, சிங்காநல்லூர் பக்கம் தள்ளுவண்டியில் டிபன் கடை போட்டிருக்கும் ஒரு தம்பி. ஜூன் மாசம், ஸ்கூல் ஃபீஸும் வண்டி ரிப்பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்கிறது. அவருக்குத் தேவை நாற்பதாயிரம் சொச்சம்.

பதினைந்து எப்படி நூற்றிருபது ஆகுது?

50,000 ரூபாய் தண்டல் என்று பேச்சு. பிடித்தம் 7,500 போக கைக்கு வருவது 42,500. தினம் 500 வீதம் நூறு நாளில் 50,000 கட்டி முடிக்கணும். ஆக, 42,500-க்கு 7,500 வட்டி. இங்கேயே 15 என்பது கிட்டத்தட்ட 17.6 சதவிகிதம் ஆகிவிட்டது. ஏனென்றால், கையில் வராத பணத்துக்கும் சேர்த்துத்தான் அந்த 15 சதவிகிதம் சொல்லப்பட்டது.

ஆனால், பெரிய விஷயம் அது இல்லை. பேங்க் சொல்லும் 14 என்பது ஒரு வருஷத்துக்கு. தண்டல்காரர் சொல்லும் 15 என்பது நூறு நாளுக்கு. அதைவிட முக்கியமாக, அந்த 42,500 நூறு நாளும் நம் தம்பியின் கையில் இருக்கப் போவதே இல்லை. மறுநாள் காலையிலேயே 500 திரும்பிப் போக ஆரம்பிக்கிறது. ஐம்பதாவது நாள் அவர் 25,000 கட்டி முடித்திருப்பார். தினமும் குறைந்துகொண்டே போகும் இந்தப் பாக்கியை சராசரியாக எடுத்துப் பார்த்தால், நூறு நாளும் அவர் உண்மையில் வைத்திருந்தது சுமார் 22,600 ரூபாய் கடன்தான். 22,600-க்கு நூறு நாளில் 7,500 வட்டி என்றால் 33 சதவிகிதம். வருஷத்துக்குப் பெருக்கினால் 121 சதவிகிதம்!

நம்ம ஊர் பாஷையில் சொன்னால், மாசம் பத்து ரூபா வட்டி. 'பத்து ரூபா வட்டிக்குத் தர்றேன், வாங்கிக்கிறியா?' என்று யாராவது நேராகக் கேட்டிருந்தால் நம் தம்பி அடுத்த தெருவுக்கு ஓடியிருப்பார். தினம் 500 என்று சொன்னதால் உட்கார்ந்து டீ குடித்தார். ஞாயிற்றுக்கிழமை வசூலுக்கு வராத ஆளாக இருந்தால் நூறு தவணை முடிய 116 நாள் ஆகும், வட்டி 104 சதவிகிதத்துக்கு இறங்கும். அது ஒன்றுதான் சலுகை.

நம்பிக்கை இல்லை என்றால் நீங்களே போனில் கூகுள் ஷீட்ஸைத் திறந்து ஒரு கட்டத்தில் இதை அப்படியே டைப் செய்து பாருங்கள்:

```
=RATE(100,-500,42500,0,0,0.003)*365
```

முதல் எண் தவணைகளின் எண்ணிக்கை. அடுத்தது ஒவ்வொரு தவணையும் எவ்வளவு என்பது, பணம் வெளியே போவதால் மைனஸ். மூன்றாவது கையில் வந்த தொகை. கடைசியில் இருக்கும் 0.003 வெறும் உத்தேச எண், கணக்கு சிக்காமல் இருப்பதற்காக. விடை 1.21 என்று வரும். அதாவது 121 சதவிகிதம். வாரத் தவணை என்றால் 365-க்குப் பதில் 52, மாசத் தவணை என்றால் 12. அப்போது அந்த உத்தேச எண்ணை 0.03 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடனாக இருந்தாலும் இந்த மூன்று விவரம் போதும். 'எத்தனை பர்சன்ட்' என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதிலை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அறுபதாவது நாள்

நூறு நாளில் கட்டி முடித்து வெளியே வந்துவிட்டால் போனது 7,500-தான். வலிக்கும், ஆனால் முடிந்துவிடும். தண்டலில் பணம் போடுகிறவருக்கு அது பிடிக்காது. ஒழுங்காகக் கட்டும் ஆள் வெளியே போனால் அவர் புதிதாக ஓர் ஆளைத் தேடணும். அதனால், அறுபதாவது நாள் வாக்கில் பேச்சு மாறும். "கரெக்டா கட்டுறே தம்பி. வேணும்னா இன்னொரு அம்பது போட்டுக்கறியா? பழசைக் கழிச்சுக்கலாம்."

இதில் என்ன நடக்கிறது என்று மெதுவாகப் பாருங்கள். அறுபது நாளில் 30,000 கட்டியாகிவிட்டது, பாக்கி 20,000. புதுக் கடன் 50,000-ல் பிடித்தம் 7,500, பழைய பாக்கி 20,000 இரண்டும் போக கைக்கு வருவது 22,500. அட்டை மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஏற்கெனவே இன்னும் நாற்பது நாள் கட்ட வேண்டியவர் இப்போது நூறு நாள் கட்டணும். கூடுதலாக அறுபது நாள், அதாவது 30,000. கையில் வந்த 22,500-க்கு திருப்பித் தருவது 30,000!

பழைய பாக்கி 20,000-க்கு வட்டி முதல் நாளே பிடித்தாகிவிட்டது. அந்த 20,000-க்கும் சேர்த்து இப்போது மறுபடி 15 சதவிகிதம் பிடிக்கிறார்கள். ஒரே பணத்துக்கு இரண்டு முறை வட்டி. இந்தச் சுற்றின் நிஜ வட்டியைக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 150 சதவிகிதத்தைத் தொடுகிறது. அறுபது நாளுக்கு ஒருமுறை இப்படிப் புதுப்பித்துக்கொண்டே போனால் வருஷத்துக்கு ஆறு தடவை, பிடித்தம் மட்டும் 45,000. அவ்வளவு கொடுத்த பிறகும் அட்டை முடிந்திருக்காது.

தண்டல் சிக்கலில் மாட்டினவர்களிடம் பேசினால், 'முதல் கடன்லயே மூழ்கிட்டேன்' என்பதைவிட 'திருப்பித் திருப்பி வாங்கினேன்' என்பதைத்தான் அதிகம் கேட்கலாம். உங்கள் வீட்டில் யாராவது தண்டல் கட்டுகிறார்கள் என்றால், எவ்வளவு வாங்கினார்கள் என்பதோடு நிறுத்தாதீர்கள். இது எத்தனையாவது அட்டை என்று கேளுங்கள்.

பேங்க் மட்டும் சொன்ன வட்டியா?

இப்போது பேங்க் பக்கம் வருவோம். அதே தம்பி ஒரு தனியார் பேங்கில் 50,000 பெர்சனல் லோன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 14 சதவிகிதம், ஒரு வருஷத் தவணை. பிராசஸிங் ஃபீஸ் 2 சதவிகிதம், அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. மொத்தம் 1,180 முதலிலேயே போய்விடும். கைக்கு 48,820. மாசத் தவணை 4,489. ஒழுங்காக ஒரு வருஷம் கட்டினால் வட்டி 3,872, ஃபீஸையும் சேர்த்து மொத்தச் செலவு 5,052 ரூபாய். நிஜ வட்டி 14 இல்லை, 18.6 சதவிகிதம்.

இதை பேங்கே எழுதிக் கொடுக்கணும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன், சிறுதொழில் கடன் எல்லாவற்றுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' என்று ஒரு தாள் கட்டாயம். பேங்க் ஆட்கள் அதை கே.எஃப்.எஸ் என்பார்கள். எல்லா ஃபீஸையும் சேர்த்த வருஷ வட்டி அதில் ஏ.பி.ஆர் என்ற பெயரில் ஒரே எண்ணாக இருக்கும். விளம்பரத்தில் இருக்கும் 14-ஐ விட்டுவிட்டு அந்த எண்ணை மட்டும் பாருங்கள்.

ஆனால், நம் தம்பிக்குத் தேவை மூன்று மாசக் கடன்தான். சரி, வாங்கிவிட்டு மூன்றாவது மாசமே முடித்துவிடலாம் என்று போனால் அங்கே இன்னொரு செலவு காத்திருக்கிறது. முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம். மூன்று தவணைக்குப் பிறகு அசல் பாக்கி 38,144. அதில் 4 சதவிகிதம் கட்டணம், ஜி.எஸ்.டி சேர்த்து 1,800 ரூபாய். இந்த மூன்று மாச வட்டி 1,613, ஃபீஸ் 1,180 எல்லாம் கூட்டினால் 4,593. முழு வருஷம் வைத்திருந்தால் 5,052, மூன்றே மாசத்தில் முடித்தால் 4,593. ஒன்பது மாசம் முன்னதாகப் பணத்தைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கிடைத்த லாபம் வெறும் 459 ரூபாய்!

அந்த மூன்று மாசத்துக்கான நிஜ வட்டி எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 40 சதவிகிதம். மாசம் மூன்று ரூபா முப்பது பைசா வட்டி. சொந்தக்காரரிடம் மூணு ரூபா வட்டிக்குக் கைமாத்து வாங்கியிருந்தால்கூட இதைவிடக் குறைவு. 'பேங்க் வட்டி எப்பவுமே கம்மி' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் வரணும். கடன் காலம் எவ்வளவு சின்னதோ, அந்த அளவுக்கு ஃபீஸ் கனக்கும்.

ஃப்ளோட்டிங் வட்டியில் தனிநபர்கள் வாங்கும் கடனுக்கு முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும், புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு அது பொருந்தும். ஆனால், பெர்சனல் லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் வட்டி. அதனால் கையெழுத்துக்கு முன்னாலேயே 'ஃபிக்ஸடா, ஃப்ளோட்டிங்கா, சீக்கிரம் முடிச்சா எவ்வளவு' என்று கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் முதல் ஆறு மாசம், ஒரு வருஷம் வரை முடிக்கவே விடமாட்டார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. தினம் 1,200 ரூபாய் மிச்சம் பார்க்கும் தள்ளுவண்டிக்காரர் பேங்குக்கு இரண்டு நாள் அலைந்தால் 2,400 போச்சு. அதையும் சேர்த்தால் மூன்று மாச பெர்சனல் லோன் செலவு 7,000 பக்கம் வந்துவிடுகிறது. தண்டல் 7,500. கொங்கு மண்டல வியாபாரிகள் ஏன் தண்டலை விடமாட்டேன் என்கிறார்கள் என்பதற்கு பதில் இந்த 500 ரூபாய் இடைவெளிக்குள்தான் இருக்கிறது. அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. ரூபாயில் பார்க்கிறார்கள், ரூபாயில் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

வித்தியாசம் எங்கே என்றால், பேங்க் பணம் மூன்று மாசமும் சராசரியாக 46,000 கையில் இருந்தது. தண்டல் பணம் 22,600-தான் இருந்தது. அதே செலவுக்கு இரண்டு மடங்கு பணம். தம்பி அந்தக் கடனை அவசரப்பட்டு முடிக்காமல் வருஷம் பூராவும் வைத்திருந்தால், மொத்தமே 5,052-தான். ஆக, பெர்சனல் லோன் வாங்கினால் அதை அதன் காலம் வரைக்கும் ஓடவிடணும். மூன்று மாசத் தேவைக்கு அது சரியான சரக்கே இல்லை.

அப்போ மூணு மாசத்துக்கு என்னதான் வழி?

வீட்டில் ரெண்டு பவுன் இருந்தால், பேங்க் நகைக்கடன். 42,500 ரூபாயை வருஷம் 10 சதவிகித வட்டியில் நூறு நாள் வைத்திருந்தால் வட்டி 1,164. நகை மதிப்பீட்டாளர் கூலி, ஃபீஸ் எல்லாம் ஒரு 500 என்று வைத்தாலும் 1,700-ஐத் தாண்டாது. அரை நாள் கடை மூடின நஷ்டம் 600-ஐச் சேர்த்தாலும் 2,300. தண்டலின் 7,500-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்டலுக்குக் கொடுத்திருக்கக்கூடிய அதே 500-ஐ தினமும் உண்டியலில் போட்டு, வாரம் ஒருமுறை நகைக்கடன் கணக்கில் கட்டினால் அந்த 1,164-உம் பாதியாகிவிடும்.

இதில் சிக்கலே அந்த உண்டியல்தான். தண்டல்காரர் காலையில் வந்து நிற்கிறார், அதனால் 500 எடுத்து வைக்கிறோம். பேங்க் வந்து நிற்காது. வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டணும் என்று விட்டுவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும் நோட்டீஸ்தான் வரும். தண்டலில் நாம் கொடுக்கும் வட்டியில் ஒரு பங்கு, நம்மைக் கட்ட வைப்பதற்கான கூலி என்றே எனக்குத் தோன்றுகிறது. ரொம்பக் காஸ்ட்லியான கூலி!

நகைக்கடன் விதிகளும் மாறியிருக்கின்றன. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிப்படி, 2026 ஏப்ரல் 1 முதல் இரண்டரை லட்சம் வரைக்கும் வீட்டுத் தேவைக்கு வாங்கும் கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை தரலாம். ஆனால், கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனுக்கு அந்த 85-க்குள் வட்டியும் அடங்கணும், காலமும் 12 மாசத்தைத் தாண்டக் கூடாது. கடன் முடிந்தபின் நகையைத் திருப்பித் தர ஏழு வேலை நாளைத் தாண்டினால், தாமதம் பேங்க் பக்கமாக இருந்தால், நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும்.

நகை இல்லாத தெருவோர வியாபாரிக்கு பி.எம் ஸ்வநிதி திட்டம் இருக்கிறது. 2025-ல் மாற்றியமைத்த பிறகு முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, பிறகு 50,000. ஜாமீன் கிடையாது, வட்டியில் 7 சதவிகிதம் மானியமாகத் திரும்பி வரும். மாநகராட்சியின் வியாபாரிச் சான்று அல்லது பரிந்துரைக் கடிதம் வேணும். முதல் கடன் 15,000 என்பதால் நம் தம்பியின் ஜூன் மாசத் தேவை முழுசாகத் தீராது. அவசரம் வருவதற்கு முன்னாலேயே முதல் கடனைக் கட்டி முடித்து அடுத்த படிக்கு ஏறி வைத்திருந்தால்தான் இது உதவும். காலையில் கேட்டு மதியம் கிடைக்கும் பணம் இல்லை இது.

அட்டையில் ஏறாத செலவு

தண்டலில் நூறு நாளும் ஒரு நாள் தவறாமல் கட்டினாலும் சிபில் ஸ்கோரில் அது ஒரு புள்ளிகூட ஏறாது. அடுத்த முறை பேங்குக்குப் போனால் 'உங்களுக்குக் கடன் வரலாறே இல்லையே' என்பார்கள். மறுபடியும் தண்டல்.

அதைவிடப் பெரிய செலவு, ஈடாகக் கொடுக்கும் தாள்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக், நிரப்பாத புரோநோட்டு, வண்டி ஆர்.சி புக். 'சும்மா நம்பிக்கைக்குத்தான்' என்றுதான் வாங்குவார்கள். ஆனால், நாமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் பிர் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 'இவ்வளவு பாக்கி இல்லை' என்று காட்டவேண்டிய பொறுப்பு நம்முடையது. அந்த நேரத்தில் உதவக்கூடியது டிக் அடித்த அட்டையின் போட்டோவும், ஜிபேயில் கட்டியதற்கான பதிவும்தான். கட்டும் 500-ஐ முடிந்தவரை யு.பி.ஐ-யில் கட்டுங்கள். யு.பி.ஐ வேண்டாம், ரொக்கம்தான் என்று கண்டிப்பாகச் சொல்கிறார் என்றால், அவர் எந்தப் பதிவும் மிஞ்சக் கூடாது என்று நினைக்கிறார் என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் இதற்கு 2003-லேயே சட்டம் இருக்கிறது. சினிமா தயாரிப்பாளர் ஜி.வெங்கடேஸ்வரன் தற்கொலை செய்துகொண்ட அதே வருஷம் வந்த அதீத வட்டி தடைச் சட்டம். தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதற்குப் பிறகும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்து வட்டிப் புகாரோடு வந்த ஒரு குடும்பமே தீக்குளித்தது. 2025 ஏப்ரலில், கடனை வசூலிக்க மிரட்டுவது, வீட்டாரைத் தொந்தரவு செய்வது போன்றவற்றுக்கு எதிராக இன்னொரு சட்டத்தை சட்டமன்றம் நிறைவேற்றியது. மிரட்டல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனிலும் கலெக்டர் ஆபீஸின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். மனுவில் வாங்கிய தேதி, கையில் வந்த தொகை, இதுவரை கட்டியது, ஈடாகக் கொடுத்த தாள்கள் இந்த நான்கும் இருக்கட்டும். 'கந்து வட்டிக் கொடுமை' என்று மட்டும் எழுதினால் அது விசாரணைக்கே நகராது.

நம் தம்பி ஏற்கெனவே தண்டல் வாங்கி, இன்றைக்கு அறுபதாவது நாள் என்றால்? பாக்கி 20,000. புது அட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மிச்ச நாற்பது நாளையும் அப்படியே கட்டி முடிப்பதுதான் மலிவு. பிடித்தம் முதல் நாளே போய்விட்டது, இப்போது நகையை வைத்து முன்கூட்டியே முடித்தாலும் தண்டல்காரர் பெரும்பாலும் ஒரு ரூபாயும் குறைக்கமாட்டார். "மிச்சத்தை இன்னிக்கே தர்றேன், எவ்வளவு குறைப்பீங்கண்ணா?" என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு மேல் குறைத்தால் மட்டும் நகையை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போகலாம்.